ஈறோரச் சொத்தைக்கு ஜிஐசி: 12 ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

மயிலாப்பூரில் 12 ஆண்டுகளாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். முன்பல் உடைந்தாலும், கடைவாய்ப் பல்லில் சொத்தை அகலமாக இருந்தாலும் பல் நிறப் பிசினான காம்போசிட்டால்தான் அடைப்பேன். நிறம் பொருந்தும், கடியைத் தாங்கும். ஆனால் ஈறை ஒட்டி வேரில் விழும் சொத்தை என்றால் ஜிஐசி, அதாவது கிளாஸ் அயனோமர் சிமெண்ட்தான்.

4 ஆண்டுகளுக்கு முன் 70 வயது அம்மா ஒருவர் வந்தார். பல மாத்திரைகள் சாப்பிடுவதால் வாய் எப்போதும் வறண்டிருக்கும். கீழ்க் கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த பல்லிலும் ஈறோரத்தில் காம்போசிட் வைத்திருந்தார்கள். "ரெண்டு தடவை வெச்சாச்சு டாக்டர், நிக்கவே மாட்டேங்குது" என்றார். அதன் விளிம்பில் பழுப்புக் கோடு. ஊசிமுனை அதற்குள் இறங்கியது. அந்த இடத்தில் ஈறிலிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். காம்போசிட் ஒட்ட வேண்டுமானால் அதை முழுக்க அடக்கியாக வேண்டும். ஜிஐசி பல்லின் கால்சியத்தோடு நேரடியாகப் பிணைவதால் லேசான ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். எச்சில் மட்டும் படக் கூடாது.

பழையதையும் மெத்தென்ற சொத்தையையும் எடுத்துவிட்டு, 10 சதவீத பாலிஅக்ரிலிக் அமிலத்தை 10 விநாடி தடவிக் கழுவினேன். பஞ்சால் ஒற்றினேன், காற்றடித்து உலர்த்தவில்லை. ஜிஐசி பவுடரை இரண்டு பங்காகப் பிரித்து, அதன் அமிலத் திரவத்தோடு அரை நிமிடத்துக்குள் குழைத்தேன். குழைத்தது பளபளப்பாக இருக்கும்போதே பல்லில் வைத்துவிட வேண்டும். பளபளப்பு மங்கிவிட்டால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள், அப்புறம் ஒட்டாது. இறுகியதும் மேலே வார்னிஷ் பூசினேன். முதல் நாளில் அது தண்ணீர் பட்டாலும் கரையும், காய்ந்தாலும் வெடிக்கும்.

ஒருமுறை மழைக்காலத்தில் குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் குழைத்தேன். நம்மூர்க் காற்றின் ஈரம் அதில் பனித்துளியாகப் படிந்து கலவை நீர்த்துப்போனது. அந்த அடைப்பு இரண்டே மாதத்தில் விழுந்தது. அதிலிருந்து காகிதப் பேடில்தான் குழைக்கிறேன்.

சரி, ஜிஐசியிலிருந்து வரும் ஃப்ளோரைடு? முதல் ஓரிரு நாள் நிறைய வெளியேறும். சில வாரங்களில் வெகுவாகக் குறைந்து, பிறகு சிறிதளவாக ஆண்டுக்கணக்கில் கசியும். சிமெண்டைப் பிடித்து நிறுத்துவது கால்சியம், அலுமினியப் பிணைப்புகள். அதனால் ஃப்ளோரைடு போவதால் அடைப்பு தளராது. பற்பசையிலிருந்து மீண்டும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும். அதனால்தான் அந்த அம்மாவை இரவில் ஃப்ளோரைடு பற்பசையால் தேய்த்துவிட்டுத் துப்பச் சொன்னேன், கொப்பளிக்க வேண்டாம் என்றேன். இந்தக் கசிவு மட்டுமே சொத்தையை நிறுத்திவிடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

போன மாதம் பார்த்தேன். மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பு, நிறம் மங்கல், ஒன்றில் ஓரம் லேசாகத் தேய்ந்திருக்கிறது. ஆனால் விளிம்பு கெட்டியாக இருக்கிறது, ஊசிமுனை எங்கும் சிக்கவில்லை. ஃப்ளோரைடு ஜெல் பூசும்போது மட்டும் அமில வகையைத் தவிர்த்து நடுநிலை வகையைப் பூசுகிறேன். அமில ஜெல் ஜிஐசியையே அரித்துவிடும்.