மதிப்பெண் தாளா, ஒரு நிமிட வாசிப்பா? அம்மாவிடம் எதில் தொடங்குவது?

மூன்றாம் வகுப்புப் பையன் வாசிப்பில் பின்தங்கியிருக்கிறான். அம்மா வேலையிடத்தில் சொல்லிவிட்டு, வகுப்பாசிரியரான என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்திருக்கிறார். கையில் இருப்பது 20 நிமிடம்.

பல வருடம் நான் மதிப்பெண் தாளில்தான் தொடங்கினேன். தமிழில் இவ்வளவு, 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் கணக்கில் இன்னும் 'மொட்டு' நிலை, அடுத்த படியான 'மலர்' வரவில்லை என்பேன். தயாரிக்க ஒன்றுமில்லை, அது ஒரு வசதி. ஆனால் பெரும்பாலும் அம்மா சொல்வது இதுதான்: "வீட்ல கடகடன்னு வாசிக்கிறானே சார்!" அவர் சொல்வதும் பொய்யில்லை. பாடத்தைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக ஒப்பிக்கிறான், அவ்வளவுதான். நடுவில் ஒரு வரியில் விரல் வைத்து வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். இது விளங்காமல் "வீட்டில் படிக்க வையுங்கள்" என்று முடித்தால், ஒப்பிப்பதுதான் கூடும்.

இப்போது முந்தைய நாளே, அவன் பார்க்காத ஒரு சின்னக் கதையை ஒரு நிமிடம் வாசிக்க வைத்து, தவறிய சொற்களை ஒரு தாளில் குறித்துக்கொள்கிறேன். ஒரு பையன் 42 சொல் வாசித்தான், 11 தவறு. அதில் 8 ஒரே வகை: 'கொடு' என்பதைக் 'கெடு' என்றான், 'சொல்' என்பதைச் 'செல்' என்றான். எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பைப் பார்க்கிறான், பின்னால் வரும் காலை விட்டுவிடுகிறான். தாளைக் காட்டியதும் அவன் அம்மா, "அப்ப எழுத்தே தெரியாம இல்ல, இதுலதான் தடுமாறுறான்" என்றார். மதிப்பெண் தாள் இதைச் சொல்லாது.

இந்த வழியில் நேரமும் வேறு மாதிரி போகிறது. முதல் 5 நிமிடம் அம்மா பேசுவார்: கரும்பலகை தெரியவில்லை என்கிறானா, கூப்பிட்டால் திரும்புகிறானா, நீண்ட விடுப்பு எதுவும் உண்டா. பார்வைக் கோளாறை நாம் வாசிப்புக் குறை என்று நினைத்துவிடக் கூடாது. அப்புறம் தாள். மீதி நேரம் யார் என்ன செய்வது என்று பேசுவோம். நான் வகுப்பில் தினம் 10 நிமிடம் கெ–கொ, செ–சொ இணைகளை வாசிக்க வைப்பேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும், புதுப் பக்கம் ஒன்றை அவன் விரல் வைத்து வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். அக்காவோடு ஒப்பிட வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன்.

இதற்கும் குறை உண்டு. 30 பிள்ளைகளுக்கும் செய்ய முடியாது, பின்தங்கிய நாலைந்து பேருக்குத்தான் முடியும். அம்மா முன்னால் பையனை வாசிக்க வைத்தால் கூனிக் குறுகிப் போவான், அதனால்தான் முந்தைய நாளே முடித்துவிடுகிறேன். ஒரு நிமிடத் தாள் கற்றல் குறைபாட்டைக் கண்டுபிடிக்கவும் உதவாது. 6 வாரம் கழித்து இன்னொரு புதுக் கதையில் அதே தவறுகள் அதே அளவில் இருந்தால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கச் சொல்வேன். அந்தத் தேதியை அம்மா கிளம்பும் முன்பே தாளின் ஓரத்தில் எழுதிவிடுகிறேன்.