டெஸ்ட் மேனேஜர் ஆவதா, கட்டம் கட்டமாகப் போவதா: ஐந்தாண்டுத் திட்டம் இரண்டு விதம்

சென்னை ஐ.டி. கம்பெனிகளில் மேனுவல் டெஸ்டிங் செய்கிறவர்களிடம் ஐந்து வருடம் கழித்து என்னவாக இருப்பீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் டெஸ்ட் லீட், இல்லையென்றால் டெஸ்ட் மேனேஜர். 2019-ல் என் பக்கத்து சீட் நண்பரும் அப்படித்தான் எழுதி வைத்தார். நான் பதவிப் பெயர் எதுவும் எழுதாமல், அதே ஐந்து வருடத்தை நான்கு செக்பாயின்ட்டுகளாகப் பிரித்தேன். இருவரும் ஒரே இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ப்ராஜெக்ட், கிட்டத்தட்ட ஒரே அனுபவம். என் ஓட்டு செக்பாயின்ட்டுக்குத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதவியைக் குறி வைப்பதில் நல்ல விஷயங்கள் இல்லாமல் இல்லை. ஒரே வரியில் முடிந்துவிடும். அப்ரைசல் மீட்டிங்கில் மேனேஜரிடம் நேராகக் கேட்கலாம். வீட்டிலும் புரியும், 'பையன் மேனேஜர்' என்றால் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 'ரிக்ரஷனை ஆட்டோமேட் பண்ணி முடிச்சிட்டான்' என்று எந்த அம்மாவும் சொந்தக்காரர்களிடம் சொன்னதில்லை.

எனக்குத் தீர்மானமான விஷயம் ஒன்றுதான்: திட்டம் பாதியில் நின்றால் கையில் என்ன மிஞ்சும்?

லீட் என்பது நாம் சம்பாதிப்பது போலத் தெரிந்தாலும், உண்மையில் அது ஒரு நாற்காலி. ஏழெட்டு டெஸ்டர்களுக்கு ஒரு லீட் என்று வைத்துத்தான் ப்ராஜெக்டுக்கு ஆள் போடுவார்கள். கிளையன்ட் செலவைக் குறைத்து டீமைப் பாதியாக்கினால், நம் திறமை அப்படியே இருக்கும், நாற்காலி போய்விடும். எங்கள் ப்ராஜெக்டில் மூன்றாவது வருடம் நடந்தது அதுதான். அதுவரை நண்பர் லீட் வேலை முழுவதையும் பார்த்து வந்தார்: தினசரி ஸ்டேட்டஸ் ரிப்போர்ட், ஆன்சைட் கால், யார் எந்த மாட்யூல் என்று பிரித்துக் கொடுப்பது. ஆனால் சிஸ்டத்தில் அவர் சீனியர் டெஸ்ட் இன்ஜினியர்தான். வெளியே இன்டர்வியூவில் "உங்களுக்கு எத்தனை பேர் ரிப்போர்ட் பண்றாங்க?" என்று கேட்டால், காகிதப்படி ஒருவரும் இல்லை. செய்த வேலையைக் காட்ட அவரிடம் எதுவும் இல்லாமல் போனது. பிறகு வேறு ப்ராஜெக்டில் அவருக்கு லீட் கிடைத்தது, அது வேறு விஷயம். நடுவில் இருந்த அந்தக் காலம் முழுவதும் அவர் பேரம் பேச முடியாத இடத்தில் இருந்தார்.

செக்பாயின்ட்டுக்கு நாற்காலி காலியாக வேண்டியதில்லை. ஆனால் அதை எழுதுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஆட்டோமேஷன் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று எழுதினால் அது செக்பாயின்ட் இல்லை, ஆசை. நான் முதலாவதை எழுதியது இப்படி: ஒவ்வொரு ரிலீஸிலும், பழைய வசதிகள் எதுவும் உடையவில்லையே என்று பார்க்கக் கையால் ஓட்டுகிற ரிக்ரஷன் கேஸ்களில், அடிக்கடி வருகிற நூறு கேஸ், ஒன்றரை வருடத்துக்குள், ராத்திரி ஜென்கின்ஸ் என்கிற ஆட்டோமேஷன் சர்வரில் தானாக ஓட வேண்டும். அத்தாட்சி: நான் லீவில் இருக்கும் வாரத்திலும் அது ஓட வேண்டும், காலையில் சிவப்பாக வந்தால், அது பக்கா டிஃபெக்ட்டா அல்லது ஸ்கிரிப்ட் தள்ளாடுகிறதா என்று இன்னொருவர் ரிப்போர்ட்டைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் கஷ்டம். நூறு கேஸ் எழுதுவது பெரிதில்லை. ஒரு நாள் பாஸ், மறுநாள் காரணமே இல்லாமல் ஃபெயில் என்று ஆடுகிற கேஸ் பத்து இருந்தாலே போதும், டீம் ரிப்போர்ட்டைப் பார்ப்பதை நிறுத்திவிடும். பேஜ் லோடாகும் முன்பே பட்டனைத் தேடுவது, எல்லா கேஸும் ஒரே பாலிசி நம்பரைப் பங்குபோடுவது, பெரும்பாலும் இந்த இரண்டு காரணங்கள்தான். ஒவ்வொரு கேஸும் தனக்கான டேட்டாவைத் தானே உருவாக்கிக்கொள்ளும்படி மாற்றிய பிறகே என் டெஸ்ட் சூட் நிலைக்கு வந்தது. பின்னால் இன்டர்வியூவில் நான் அதிக நேரம் பேசியதும் இதைப் பற்றித்தான்.

செக்பாயின்ட்டில் எழுத வேண்டிய இன்னொரு வரி, 'முடியாவிட்டால் என்ன'. கிளையன்ட் பாதுகாப்புக் காரணம் சொல்லி ஜென்கின்ஸ் அக்சஸே தராமல் இருப்பது சாதாரணம். ஆறு மாதத்தில் அக்சஸ் வரவில்லையென்றால் ரிசோர்ஸ் மேனேஜரிடம் ப்ராஜெக்ட் மாற்றம் கேட்பது என்று முன்பே எழுதியிருந்தேன். அந்த வரி இல்லையென்றால் காத்திருந்தே வருடம் போய்விடும்.

டூல் பெயரைச் செக்பாயின்ட்டாக வைக்காதீர்கள். அப்போது ஆங்குலர் என்கிற வெப் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய ப்ராஜெக்டுகளில் இருந்த பலர் ப்ரொட்ராக்டர் என்கிற டெஸ்டிங் டூலைப் படித்தார்கள். 2021-ல் ஆங்குலர் டீமே அதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதற்குள் 2020-ல் மைக்ரோசாஃப்ட்டின் டெஸ்டிங் டூலான ப்ளேரைட் வந்துவிட்டது. 'ராத்திரி தானாக ஓட வேண்டும், ஃபெயிலுக்குக் காரணம் தெரிய வேண்டும்' என்று எழுதியவருக்கு டூல் மாறினாலும் இலக்கு மாறவில்லை. பதவிப் பெயருக்கும் இதே கதிதான். ஒரு கம்பெனியில் லீட் என்றால் ஆள் மேய்ப்பது, இன்னொன்றில் ஃப்ரேம்வொர்க் எழுதுவது.

தேதியை எங்கே வைப்பது என்பதில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. ஏப்ரல் அப்ரைசல் உள்ள கம்பெனியில் செக்பாயின்ட்டை மார்ச்சில் வைத்தால் பிரயோஜனமில்லை, ரேட்டிங் அதற்குள் ஏறக்குறைய முடிவாகியிருக்கும். நான் அக்டோபரில் வைத்தேன். முடிந்திருந்தால் மேனேஜரிடம் காட்டிப் பேச நேரம் இருக்கும். வெளியே போவதென்றாலும், தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியடைக் கணக்கில் எடுத்துத் தேட நேரம் இருக்கும். அதே மாதம் வெளியே ஒரு இன்டர்வியூவும் கொடுத்துப் பார்ப்பேன். நம் வேலைக்கு மார்க்கெட்டில் என்ன மதிப்பு என்று உள்ளே இருந்துகொண்டு தெரியாது.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாவது, ஸ்கிரீன் வருவதற்கு முன்பே ஏ.பி.ஐ. லெவலில் டிஃபெக்ட் பிடிப்பது. மூன்றாவது ஒரு பிரிவு: ஆள் நிர்வாகமா, டெக்னிக்கலா என்று அப்போதுதான் முடிவெடுப்பது. நான்காவது, எடுத்த முடிவுப்படி ஒரு ரிலீஸை முழுதாக நடத்துவது. மூன்றாவதில் நான் டெக்னிக்கல் பக்கம் போனேன். லீட் என்று 2019-லேயே எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இந்தத் திட்டத்துக்குப் பராமரிப்பு உண்டு, அதுதான் இதன் குறை. பார்க்காமல் விட்டால் செக்பாயின்ட்டுகள் சத்தமில்லாமல் தள்ளிப்போகும், அல்லது சர்டிஃபிகேட் பட்டியலாக மாறிவிடும். ஒரே செக்பாயின்ட்டின் தேதி இரண்டாவது முறை தள்ளிப்போனால், தேதியை விட்டுவிட்டு செக்பாயின்ட்டையே மாற்றுவது என் வழக்கம்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அரசு வங்கியில் ஸ்கேல் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக இத்தனை வருட சர்வீஸ் என்று விதி இருக்கிறது, டி.என்.பி.எஸ்.சி. குரூப் ஒன் எழுதுகிறவருக்கு வயது வரம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே பதவியே படிக்கட்டு, பெயரைக் குறி வைப்பதே சரி. ப்ராடக்ட் கம்பெனிகளில் நான் வேலை பார்த்ததில்லை, அங்கே லீட் நாற்காலிக் கணக்கு எப்படி என்று அங்கிருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். அப்புறம், ஐந்தாவது வருடம் நானும் ஒரு பதவிப் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். நௌக்ரியில் ஆள் தேடுகிறவர்கள் டெசிக்னேஷனைப் போட்டும் வடிகட்டுவார்கள், ப்ரொஃபைலில் அது இல்லாமல் முடியாது.