கூம்பு ஊசல்: விசையை எந்தப் பக்கம் பிரிப்பது, கோணத்தை நம்புவதா கடிகாரத்தை நம்புவதா?

1 மீட்டர் நூல், நுனியில் 200 கிராம் குண்டு. குண்டு கிடைமட்ட வட்டத்தில் சுற்றுகிறது, நூல் செங்குத்தோடு 30° கோணத்தில் நிற்கிறது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம், நூலில் இழுவிசை எவ்வளவு? பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் பாதிப் பேர் இழுவிசைக்கு mg cosθ என்று எழுதுவார்கள். அது தற்செயலாக வரும் தவறு இல்லை, காரணம் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் சரியான வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம்.

(இழுவிசைக்கும் சுற்று நேரத்துக்கும் ஒரே T போட்டுக் குழம்பாமல் இருக்க, இழுவிசையை S என்றே எழுதுகிறேன்.)

முதல் வழி, செங்குத்து, கிடைமட்டம் என்று பிரிப்பது. குண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஆகவே செங்குத்துத் திசையில் விசைகள் சமம். கிடைமட்டத்தில் நூலின் இழுவிசையின் ஒரு கூறு மட்டும்தான் இருக்கிறது, அதுவே மையநோக்கு விசை. நூலின் நீளம் L என்றால் வட்டத்தின் ஆரம் L sinθ.

S cosθ = mg
S sinθ = m ω² L sinθ

முதல் வரியிலேயே இழுவிசை கிடைத்துவிட்டது: S = mg / cosθ. இரண்டாவதில் sinθ இருபுறமும் அடிபட்டுப் போய் S = m ω² L என்றாகிறது. இரண்டையும் சேர்த்தால் ω² = g / (L cosθ), அதாவது

T = 2π √(L cosθ / g)

நம் கணக்கில் cos 30° = 0.866. T = 1.87 வினாடி. S = 1.96 / 0.866 = 2.26 நியூட்டன். சரிபார்க்க மற்ற வாய்ப்பாடும் கையில் இருக்கிறது: ω = 3.364, அதன் வர்க்கம் 11.32, அதை 0.2-ஆல் பெருக்கினால் அதே 2.26. ஒரு கணக்குக்குள்ளேயே இப்படி இரண்டு சாட்சி கிடைப்பது இந்த வழியின் பெரிய வசதி.

இரண்டாவது வழி, குண்டோடு சேர்ந்து நாமும் சுற்றுவதாக வைத்துக்கொள்வது. அங்கிருந்து பார்த்தால் குண்டு அசையாமல் நிற்கிறது. எடை, இழுவிசை, வெளிப்புறமாக மையவிலக்கு விசை என மூன்றும் சமநிலையில் இருக்கின்றன. லாமியின் தேற்றத்தைப் போட்டால் S / sin 90° = mg / sin(90° + θ), ஒரே வரியில் விடை. வேகமான வழிதான், பழைய வழியும் கூட. ஹைகன்ஸ் 1673-இல் ஊசல் கடிகாரம் பற்றிய தன் நூலின் முடிவில் கூம்பு ஊசல் பற்றிய தேற்றங்களைக் கொடுத்தபோது மையவிலக்கு விசை என்ற கண்ணோட்டத்தில்தான் கொடுத்தார். ஆனால் இதில் ஒரு பள்ளம் உண்டு. மையவிலக்கு விசையைப் படத்தில் வரைந்த கையோடு, பழக்கதோஷத்தில் மையநோக்கு விசை என்று உள்நோக்கி இன்னொரு அம்பையும் வரைந்துவிடுவார்கள். அப்படி நான்காவது அம்பு வந்தால் கணக்கு கெட்டது. மையநோக்கு விசை என்பது தனியாக ஒரு விசை இல்லை, நூல் இழுப்பதன் கிடைமட்டக் கூறுக்கு வைத்த பெயர்தான்.

மூன்றாவது வழிதான் சுவாரசியமானது: நூலின் வழியாகவும் அதற்குச் செங்குத்தாகவும் பிரிப்பது. தனி ஊசலுக்கு எல்லோரும் செய்வது இதைத்தான். அங்கே குண்டு கடைசி எல்லைக்குப் போய் ஒரு கணம் நிற்கும்போது வேகம் சுழியம். நூலின் திசையில் முடுக்கமே இல்லை, அதனால் S = mg cosθ என்பது அங்கே முழுக்கச் சரி. அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கூம்பு ஊசலுக்கு வந்தால் பார்ப்பதற்கு அச்சாக அதே படம். அதே நூல், அதே கோணம், அதே இரண்டு விசை. வேறுபாடு படத்தில் இல்லை, முடுக்கத்தின் திசையில் இருக்கிறது. கூம்பு ஊசலில் முடுக்கம் கிடைமட்டமாக வட்டத்தின் மையத்தை நோக்கியது. அதற்கு நூலின் திசையிலும் ஒரு கூறு உண்டு. ஆகவே

S − mg cosθ = m ω² L sin²θ
mg sinθ = m ω² L sinθ cosθ

இரண்டாவதிலிருந்து ω²-ஐ எடுத்து முதலாவதில் போட்டால் S = mg cosθ + mg sin²θ / cosθ. கூட்டினால் அதே mg / cosθ. விடை வரும், ஆனால் தேவையில்லாத சுற்று. எண்ணில் பார்த்தால் mg cosθ-இன் பங்கு 1.70, விட்டுப்போன பங்கு 0.57 நியூட்டன்.

mg cosθ என்று எழுதிய பிள்ளையிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: "நூல் 1.70-தான் இழுக்கிறது, அதுவும் சாய்வாக. அதில் மேல்நோக்கி எவ்வளவு?" பெருக்கிப் பார்த்தால் 1.47. எடை 1.96. அப்படியானால் குண்டு அந்த மட்டத்தில் நிற்காது, கீழே இறங்கிவிடும். சாய்ந்த நூல் எடை முழுவதையும் தாங்க வேண்டுமென்றால் எடையைவிடக் கூடுதலாகத்தான் இழுத்தாக வேண்டும். நேரத்துக்கும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. 1 மீட்டர் நூலுக்கு T எப்போதும் 2.01 வினாடிக்குக் கீழேதான் வரும், ஏனென்றால் cosθ ஒன்றைத் தாண்டாது.

என் தேர்வு முதல் வழி. முடுக்கம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் பிரித்தால் மற்றத் திசை சும்மா சமநிலையாகிவிடுகிறது. பாதி வேலை மிச்சம்.

இதெல்லாம் தாளில். ஆய்வக மேசையில் கேள்வி வேறு: இழுவிசையைக் கோணத்தை அளந்து mg / cosθ-ஆல் பெறுவதா, நேரத்தை அளந்து 4π²mL / T²-ஆல் பெறுவதா? இரண்டாவதற்குக் கோணமே வேண்டாம்.

சுற்றும் நூலுக்குப் பக்கத்தில் கோணமானியைப் பிடித்துப் படித்தால் 2° பிழை வருவது சாதாரணம். 20 சுற்றுக்கு நிறுத்துக்கடிகாரம் பிடித்தால் தொடக்கத்திலும் முடிவிலும் கை தாமதித்து 0.2 வினாடி போகும் என்று வைப்போம். 30°-இல் கோணப்பிழை இழுவிசையை ஏறத்தாழ 2% மாற்றும், நேரப்பிழை 1% மாற்றும். பெரிய வித்தியாசம் இல்லை. 10°-இல் கோணம்தான் மேல்: அங்கே cosθ அசைவதே இல்லை, பிழை 0.6% அளவில் நின்றுவிடும். கடிகார வழியில் அதே 1%. ஆனால் குண்டை வேகமாகச் சுற்றி 75°-க்குக் கொண்டுபோங்கள். இழுவிசை 7.57 நியூட்டன், எடையைப் போல நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இதையே 77° என்று தவறாகப் படித்தால் 8.71 வரும், 15% பிழை. கடிகாரமோ 20.4 வினாடியில் 0.2 தவறினாலும் 2%-தான் கெடுக்கும்.

கோணமானி வேண்டாம், கீழே ஓர் அளவுகோல் வைத்து ஆரத்தை அளந்து sinθ = r / L என்று எடுக்கலாமே என்பார்கள். 30°-க்கு நல்ல யோசனை. 2° மாறினால் ஆரம் 3 செ.மீ. மாறும், கண்ணுக்குத் தெரியும். 75°-இல் அதே 2°-க்கு ஆரம் 8 மி.மீ.தான் மாறும். ஓடுகிற குண்டில் அதை யார் பிடிப்பது?

கடிகார வழிக்கும் ஒரு குறை உண்டு. காற்றுத்தடையால் குண்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கும், கோணம் குறையும், சுற்று நேரம் நீளும். 20 சுற்றின் சராசரி எந்தக் கோணத்துக்கு உரியது என்று சொல்ல முடியாமல் போகும். முதல் 10 சுற்றையும் அடுத்த 10 சுற்றையும் தனித்தனியாகக் குறித்தால் இது உடனே தெரிந்துவிடும். இரண்டாவது பத்து தெளிவாக நீண்டிருந்தால் சுற்றுகளைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம், நூலை விரலில் பிடித்துச் சுற்றக் கூடாது. விரலும் ஒரு சின்ன வட்டம் போடும், அப்போது ஆரம் L sinθ ஆக இருக்காது. தாங்கியில் கட்டி, குண்டைப் பக்கவாட்டில் தள்ளிவிட வேண்டும். தள்ளியது சரியில்லையென்றால் பாதை நீள்வட்டமாகும். மேலிருந்து பார்த்தால் தெரியும். அப்படியானால் நிறுத்திவிட்டு மறுபடி தள்ள வேண்டும். L-ஐ அளக்கும்போது குண்டின் மையம் வரை அளக்க வேண்டும், முடிச்சு வரை அல்ல.