நெய்யின் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பும் முன்

வாட்ஸ்அப்பில் நாட்டுமாட்டு நெய் விற்கும் ஒருவரிடம் ஒரு கிலோ வாங்கினேன். ஏறக்குறைய பாதி வேறு கொழுப்பு என்று ஆய்வகத்தில் தெரிந்தது. ஆளின் பெயரைப் போடப்போவதில்லை. அவர் அனுப்பிய மாதிரியான படங்களை இன்னும் பலர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் படங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மூன்று படங்கள் வந்தன. கரண்டியில் ரவை ரவையாக நிற்கும் நெய், வெயிலில் பொன்னிறமாக மின்னும் பாட்டில், அப்புறம் ஒரு கண்ணாடிக் குப்பியில் நெய்யும் ஆசிட்டும் கலந்து ‘சிவக்கவில்லை பாருங்கள்’ என்று ஒரு சோதனை. மூன்றும் பொய்யல்ல, எடிட் செய்ததும் அல்ல. வந்த பாட்டிலும் படத்தில் இருந்தபடியேதான் இருந்தது. ஆனால் சூடான சோற்றில் விட்டால் மணம் எழவில்லை, சாப்பிட்டு முடித்தபின் மேலண்ணத்தில் ஒரு படலம் தங்கியது. கேட்டதற்கு, “அக்கா, மணல் மணலா இருக்கு பாருங்க. கலப்பட நெய்யில இப்படி வருமா?” என்றார்.

வரும். நன்றாகவே வரும். நெய்யில் சீக்கிரம் உறையும் கொழுப்பும் உண்டு, மெதுவாக உறையும் கொழுப்பும் உண்டு. உருக்கிய நெய் 28, 30 டிகிரி வாக்கில் மெல்ல ஆறினால், சீக்கிரம் உறைவது முதலில் படிகமாகிப் பெரிய மணிகளாக வளரும், மற்றது அதைச் சுற்றி நெகிழ்ந்து நிற்கும். அதுதான் மணல். எருமை நெய்யில் மணி இன்னும் பெரிதாக வரும். வேகமாகக் குளிரவைத்தால் மணி வளர நேரம் கிடைக்காமல் வழவழவென்று உறைந்துவிடும். ஆக, மணல் என்பது முக்கியமாக எப்படி ஆறியது என்பதன் அடையாளம். எந்த மாட்டின் பால், என்ன கலந்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரியாது. வனஸ்பதியையும் இப்படி மெல்ல ஆறவைத்துத்தான் நெய் போல மணலாக்குகிறார்கள். பாமாயில் கலந்த நெய்யும் அப்படியே மணல் தட்டும்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். என் சித்தி கண்ணெதிரே வெண்ணெய் காய்ச்சி எடுத்த நெய்யைத் தெளிவாகும் வரை உருக்கி இரண்டு கிண்ணத்தில் ஊற்றினேன். ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று அடுப்படி மேடையில். மறுநாள் ஃபிரிட்ஜில் இருந்தது வெளிறி, கத்தியால் வெட்டும் அளவு வழவழப்பாக இருந்தது. மேடையில் இருந்தது நல்ல மஞ்சளாக, மணி மணியாக இருந்தது. சிறு படிகங்கள் ஒளியை அதிகம் சிதறடிப்பதால், ஒரே நெய்யே வெளிறித் தெரியும். இரண்டையும் படம் எடுத்து அனுப்பினால் முதலாவதைக் கலப்படம் என்று சொல்ல ஆள் உண்டு. வாங்கிய நெய்யையும் மேடையில் வைத்தேன். அதுவும் அழகாக மணல் கட்டியது.

கூரியரில் வெயில் பட்டு உருகி மறுபடி உறைந்த பாட்டிலில் மேலே எண்ணெயாகவும் கீழே மணலாகவும் பிரிந்து நிற்கும். உடனே ‘தேங்காய் எண்ணெய் கலந்திருக்கிறது’ என்று படத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். சுத்தமான நெய்யும் அப்படித்தான் பிரியும்.

நிறத்துக்கு வருவோம். பசு நெய்யின் மஞ்சள், தீவனத்தில் இருக்கும் கரோட்டினிலிருந்து வருகிறது. பசும்புல் மேயும் காலத்தில் தூக்கலாகவும், வைக்கோலை நம்பியிருக்கும் காலத்தில் வெளிறியும் இருக்கும். எருமை கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுவதால் அதன் நெய் வெள்ளையாக இருக்கும். நன்றாகச் சிவக்கக் காய்ச்சினால் நிறம் இன்னும் ஏறும். போதாததற்கு, செல்போன் கேமரா வேறு வெள்ளை எது என்று தானாக முடிவுசெய்துகொண்டு மஞ்சளைக் கூட்டிக் குறைக்கும். காலை வெயிலில், மரப்பலகை மேல் வைத்து எடுத்தால் எந்த நெய்யும் பொன்னிறம்தான். சாயம் போட்டதா, புல் போட்டதா என்று அந்தப் படத்தில் தெரியாது.

மூன்றாவது படம்தான் ரொம்பச் சாமர்த்தியம். சர்க்கரையும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வைத்துச் செய்யும் அந்தச் சோதனை உண்மையானதுதான், பாடூயின் சோதனை என்று பெயர். ஆனால் அது தேடுவது நல்லெண்ணெயை. இந்தியாவில் வனஸ்பதியில் நல்லெண்ணெய் கலக்க வேண்டும் என்று விதி வைத்ததே, வனஸ்பதியை நெய்யில் கலந்தால் இப்படிச் சிவந்து காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான். நேரடியாகப் பாமாயிலோ விலங்குக் கொழுப்போ ஊற்றியவருக்கு இந்தச் சோதனையில் பயமே இல்லை. தைரியமாகப் படம் எடுத்து அனுப்பலாம்.

உணவு ஆய்வகம் ஒன்றில் கொடுத்த என் மாதிரியிலும் பாடூயின் ‘நெகட்டிவ்’தான். மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். பால் கொழுப்பில்தான் ப்யூட்டிரிக் போன்ற சிறிய, ஆவியாகும் அமிலங்கள் கணிசமாக உண்டு. அவற்றை அளப்பது ஆர்.எம். மதிப்பு. நல்ல நெய்யில் அது பெரும்பாலும் 28-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வரும். எனக்கு வந்தது 14. ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்க்கும் பி.ஆர். அளவீடு நெய்க்கு 40 முதல் 44-க்குள் நிற்க வேண்டும், இதில் 45-ஐத் தாண்டியது. இவற்றோடு பீட்டா சிட்டோஸ்டெரால் இருந்தது. அது செடி எண்ணெயில் இருப்பது, நெய்யில் இருக்க வேண்டியது கொலஸ்டிரால். மூன்றையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர், பாமாயில் வகை, ஏறக்குறைய சரிபாதி என்றார். விலங்குக் கொழுப்பு கலந்திருந்தால் சிட்டோஸ்டெரால் காட்டாது, அதற்குக் கொழுப்பின் அமைப்பையே வாயு நிறப்பிரிகையில் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெயையும் சேர்த்து பி.ஆர். எண்ணைச் சரிக்கட்டுகிறவர்களும் உண்டு, அதனால் ஒரே ஒரு எண்ணைக் காட்டி ‘லேப் டெஸ்ட் பாஸ்’ என்றால் மீதி எண்களையும் கேளுங்கள்.

படம் எதற்குமே உதவாது என்று சொல்லவில்லை. உருக்கிய நெய்யின் படத்தைக் கேளுங்கள். தெளிவாக இல்லாமல் கலங்கி இருந்தால் ஈரமோ மோர்ச்சத்தோ தங்கியிருக்கிறது, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அடியில் கறுத்த கசண்டு இருந்தால் தீய்த்துவிட்டார்கள். இவை பதத்தின் குறைகள், கலப்படத்துக்குச் சாட்சி அல்ல. அதைவிட லேபிளின் பின்பக்கப் படம் பயனுள்ளது. 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல் எல்லாம் படிக்கும்படி இருக்க வேண்டும். விளக்கேற்ற மட்டும் என்று பொடி எழுத்தில் போட்ட பாட்டில்களும் நெய் என்ற பெயரில் சுற்றுகின்றன. விலையையும் ஒரு கணக்குப் போடுங்கள். 4 சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலில் ஒரு கிலோ நெய் எடுக்க 25 லிட்டருக்கு மேல் வேண்டும். மோரை விற்றாலும், நாட்டுமாட்டுப் பால் விற்கிற விலைக்கு எனக்குச் சொன்ன 650 ரூபாயில் அது எப்படிக் கட்டும்?

சட்டப்படி நடவடிக்கை வேண்டுமென்றால் நானாக அனுப்பிய மாதிரி போதாது என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொன்னார்கள். புகாரை வாங்கிக்கொண்டார்கள், அவர்கள் மாதிரி எடுத்தால்தான் வழக்கு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவில் வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க வழி இருக்கிறது, குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்ப வரும். ஆனால் ஆய்வுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வாங்குகிறவர்கள் ஆர்டர் மெசேஜிலேயே அதை எழுதிவிடுங்கள்.