மருளூமத்தையும் குரோசாணி ஓமமும்: கோலாலம்பூரின் 12 மணி நேரப் பகலில் எது பூக்கும்?

அக்கா மகள் இரண்டாம் ஆண்டு தாவரவியல் படிக்கிறாள். போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் சாமந்தி மாலை கட்டி முடிக்கக் காத்திருந்தபோது கேட்டாள்: “மாமா, நம்ம ஊர்ல வருஷம் முழுக்கப் பகல் 12 மணி நேரம்தானே? அப்போ குறும்பகல் செடி பூக்குமா, நெடும்பகல் செடி பூக்குமா?”

“எந்தச் செடின்னு சொல்லுமா” என்றேன். முகத்தைச் சுளித்தாள். கேள்வியை நழுவவிடுகிறேன் என்று நினைத்திருப்பாள். ஆனால் விடை அதில்தான் இருக்கிறது.

குறும்பகல் என்றால் 12 மணி நேரத்துக்குக் குறைவு, நெடும்பகல் என்றால் அதற்கு மேல் என்று மாணவர்கள் பலர் மனதில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கோடு கிடையாது. ஒவ்வொரு செடிக்கும் தனக்கென ஓர் எல்லை உண்டு. பகல் அந்த எல்லைக்குக் கீழே போனால் பூப்பது குறும்பகல் செடி, மேலே போனால் பூப்பது நெடும்பகல் செடி. எல்லை எத்தனை மணி என்பது வேறு கேள்வி.

இரண்டு செடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருளூமத்தை குறும்பகல் செடி. அதன் எல்லை சுமார் 15½ மணி நேரம். குரோசாணி ஓமம் நெடும்பகல் செடி. அதன் எல்லை சுமார் 11 மணி நேரம், வெப்பநிலையைப் பொறுத்துச் சற்று முன்பின் நகரும். கோலாலம்பூரில் பகல் ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தை ஒட்டியே நிற்கிறது. மிக நீண்ட நாளுக்கும் மிகக் குறுகிய நாளுக்கும் வித்தியாசம் 20 நிமிடத்தைச் சுற்றித்தான். ஆகவே இரண்டு செடியும் இங்கே பூக்கும். ஒன்றுக்கு நம் பகல் குறுகியது, இன்னொன்றுக்கு அதே பகல் நீண்டது. (குரோசாணி ஓமத்தில் ஓராண்டு வகையைத்தான் சொல்கிறேன். ஈராண்டு வகைக்கு முதலில் குளிர் வேண்டும். அது நம் ஊரில் கிடைக்காது.)

பூக்கிற இரண்டு செடிகளை வைத்துக்கொண்டு எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லூரிக் கூடத்திலேயே செய்யலாம். இங்கே சூரியன் காலை ஏழேகால் வாக்கில் எழும். ஒரு வரிசைத் தொட்டிகளை மாலை 4 மணிக்கே கறுப்புத் துணியால் மூடி, மறுநாள் விடிந்த பிறகு திறங்கள். பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவாகிவிடும். மருளூமத்தை பூக்கும், ஓமம் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகவே நிற்கும். இன்னொரு வரிசைக்கு நள்ளிரவு வரை விளக்கு. இருள் ஏழேகால் மணி நேரமாகச் சுருங்கும். மருளூமத்தை நின்றுவிடும், ஓமம் தண்டு நீட்டிப் பூக்கும். துணியில் சின்னக் கிழிசல் இருந்தாலும், தெருவிளக்கு எட்டிப் பார்த்தாலும் கணக்கு கெட்டுவிடும். ஒரு தொட்டி மட்டும் அடம் பிடித்தால் முதலில் துணியைத் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுங்கள்.

இருளைப் பற்றி இவ்வளவு கவலைப்படக் காரணம், செடி அளப்பது பகலை அல்ல, இரவை. 1938-இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தையில் இதைக் காட்டினார்கள். பகலின் நடுவே கொஞ்ச நேரம் இருட்டினால் செடி கண்டுகொள்வதில்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் ஒளி பட்டால் போதும், பூ இல்லை. நெடும்பகல் செடியிலோ அதே இடையூறு பூக்கத் தூண்டும். ஆனால் பலவற்றுக்குச் சில நிமிடம் போதாது, நீண்ட நேரம் ஒளி வேண்டும். பாடநூல் படங்கள் இரண்டுக்கும் ஒரே அளவு மின்னல் கோடு வரைந்து இதை மறைத்துவிடுகின்றன.

அந்த ஒளியைப் பார்ப்பது ஃபைட்டோகுரோம் என்ற நிறமி. இது இலையில் இரண்டு வடிவில் இருக்கும். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி பட்டால் பி.ஆர் வடிவம் பி.எஃப்.ஆர் ஆகும், 730 நானோமீட்டர் தூரச் சிவப்பு பட்டால் பழையபடி திரும்பும். நள்ளிரவில் சிவப்பு கொடுத்தால் மருளூமத்தை பூக்காது. உடனே தூரச் சிவப்பு கொடுத்தால் பூக்கும். மறுபடி சிவப்பு கொடுத்தால் பூக்காது. கடைசியாகப் பட்ட நிறமே தீர்ப்புச் சொல்கிறது. ஆனால் அரை மணிக்கு மேல் தாமதித்துத் தூரச் சிவப்பு கொடுத்துப் பயனில்லை. செய்தி அதற்குள் போய்விட்டது.

சரி, இரவின் நீளத்தை அளப்பது எது? அந்தியிலிருந்து பி.எஃப்.ஆர் மெல்ல மெல்லக் குறைகிறது, அது தீர்ந்ததும் செடிக்கு இரவு நீண்டது தெரிகிறது என்று மணல் கடிகாரம் போல ஒரு விளக்கம் உண்டு. தேர்வுத் தாள்களில் இன்னமும் வருகிறது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை, காரணம் எளிது. அப்படியானால் அந்தி நேரத்தில் தூரச் சிவப்பு கொடுத்து பி.எஃப்.ஆரை ஒரேயடியாக வடித்துவிட்டால், மருளூமத்தைக்கு வேண்டிய எட்டரை மணி இருள் பாதியாகவாவது குறைய வேண்டும். சிறிதளவே குறைகிறது. நேரத்தைச் சொல்வது இலையின் உள் கடிகாரம். அந்த நேரத்தில் வெளிச்சம் இருக்கிறதா என்று சொல்லும் கண்தான் ஃபைட்டோகுரோம்.

இரண்டு வகையும் ஒரே கண்ணால் பார்த்து எதிர்மாறாக ஏன் முடிவெடுக்கின்றன? அரபிடாப்சிஸ் என்ற நெடும்பகல் செடியில் கான்ஸ்டன்ஸ் என்னும் மரபணுவின் செய்தி பிற்பகலின் கடைசியில் ஏறும். அப்போது வெளிச்சம் இருந்தால் ஒளியுணரிகள் அதன் புரதத்தைக் காப்பாற்றும், அது பூக்கும் சமிக்ஞையை இயக்கும். இருட்டிவிட்டால் புரதம் சிதைக்கப்படும். குறும்பகல் செடியான நெல்லிலும் அதே வம்சத்து மரபணுதான், ஹெச்.டி.1. குறும்பகலில் அது பூக்கும் சமிக்ஞையைத் தூண்டும். நெடும்பகலில் ஃபைட்டோகுரோம் பி அதை அடக்கும் ஆளாக மாற்றிவிடும். ஃபைட்டோகுரோமே வேலை செய்யாத ஒரு நெல் வகை பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் சீக்கிரம் பூக்கிறது. மாற்றிவிட ஆளில்லாததால் அடக்குதல் நடக்கவில்லை. கருவிகள் ஒன்றே, கடைசியில் போடும் குறிதான் மாறுகிறது: அங்கே கூட்டல், இங்கே கழித்தல்.

மாலைக்காரரிடம் இருந்த சாமந்தியும் குறும்பகல் செடிதான். நம் பகல் அதன் எல்லைக்குக் கீழேயே எப்போதும் இருப்பதால், விட்டால் தண்டு நீளும் முன்பே மொட்டு கட்டிவிடும். அதனால்தான் கேமரன் மலைத் தோட்டங்களில் இரவில் விளக்கு எரிகிறது. தண்டு போதிய உயரம் ஆனதும் அணைப்பார்கள், பூ வரும்.

“அப்போ நம்ம ஊர்ல பகல் மாறுறதைச் செடி கண்டுக்கவே கண்டுக்காதா?” என்று கேட்டாள். கண்டுகொள்ளும். 1959-இல் வெளியான ஓர் ஆய்வில் மலாக்காவில் சியாம் 29 என்ற நெல்லைப் பயிரிட்டார்கள். அங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் 14 நிமிடமே வித்தியாசம். செப்டம்பரில் நட்டது பூக்க 161 நாள் எடுத்துக்கொண்டது. ஜனவரியில் நட்டது, பகல் வளர்ந்து முடிந்து மறுபடி குறையும் வரை காத்திருந்து, 329 நாள் எடுத்துக்கொண்டது.