இரண்டு பக்கச் சரிவா, நான்கு பக்கச் சரிவா?

கடலோர வீட்டுக்கு என்னைக் கேட்டால் நான்கு பக்கமும் சரியும் கூரைதான். இரண்டு பக்கச் சரிவைக் கட்டுவது சுலபம், செலவும் குறைவு. ஆனால் அதன் முக்கோணச் சுவர் புயல் காற்றை நேராக நெஞ்சில் வாங்கும். நான்கு பக்கச் சரிவில் அந்தச் சுவரே கிடையாது. சாய்வு 30 டிகிரியை ஒட்டி இருந்தால் காற்று கூரையை மேலே இழுப்பதும் குறையும்.

சரி, கூரை நல்லதாகவே இருக்கட்டும். காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல் ஒன்று உடைந்தால்? உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளிக்காற்று மேலிருந்து உறிஞ்சும். இரண்டும் ஒரே திசை! கண்ணாடியில் குறுக்கே ஒட்டும் டேப் இதற்கு உதவாது. தடித்த பிளைவுட் பலகையை, ஜன்னல் சட்டத்தில் அல்ல, சுவரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பழைய முக்கோணச் சுவர் உள்ளவர்கள் அதை உள்ளிருந்து குறுக்குக் கட்டைகளால் கூரைச் சட்டத்தோடு பிணைக்கலாம்.