தளத்தின் முகவரியை யாரிடம் கேட்பது: இணைப்பு நிறுவனத்தின் ரிசால்வரா, பொது ரிசால்வரா?

வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கும் நாளிலேயே, நம்மைக் கேட்காமல் ஒரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. நாம் உலாவியில் தட்டச்சு செய்யும் தளப் பெயருக்குரிய சர்வர் முகவரியைத் தேடிக் கொடுக்கும் பொறுப்பு, இணைப்பு தரும் நிறுவனத்தின் கணினி ஒன்றிடம் தானாகவே போய்விடுகிறது. அந்தக் கணினிக்கு ரிசால்வர் என்று பெயர். அதையே வைத்துக்கொள்ளலாம், அல்லது கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொது ரிசால்வர் ஒன்றுக்கு மாறலாம். சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையதளம் பராமரித்துத் தருகிற நான் 8.8.8.8-க்கு மாறிவிட்டேன். வேகம் அதற்குக் காரணமில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன், ரிசால்வர் செய்யும் வேலையைப் படிப்படியாகப் பார்த்துவிட வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ta.wikipedia.org என்று தட்டச்சு செய்து என்டர் பொத்தானை அழுத்துகிறீர்கள். உலாவிக்கு இந்தப் பெயரை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. எண்களால் ஆன ஐ.பி. முகவரி ஒன்று அதற்கு வேண்டும். சற்று முன் இதே தளத்துக்குப் போயிருந்தால், அப்போது கிடைத்த முகவரி உலாவியின் நினைவிலேயே இருக்கும். இல்லாவிட்டால் உலாவி விண்டோஸ் போன்ற இயங்குதளத்தைக் கேட்கும். இயங்குதளமும் தன் நினைவையும், hosts என்ற சிறு கோப்பையும் பார்த்துவிட்டு, அங்கும் இல்லையென்றால்தான் கேள்வியை ரிசால்வருக்கு அனுப்பும்.

ரிசால்வர் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கிறது. முதலில் ரூட் சர்வர் ஒன்றிடம் கேட்கிறது. ரூட் சர்வருக்கு விக்கிப்பீடியாவைப் பற்றி எதுவும் தெரியாது; .org என்று முடியும் பெயர்களைக் கவனிக்கும் சர்வர்கள் எவை என்பதை மட்டும் அது சொல்கிறது. அந்த .org சர்வர்களில் ஒன்றைக் கேட்டால், wikipedia.org பற்றிய விவரம் ns0.wikimedia.org முதலிய சர்வர்களிடம் இருப்பதாகப் பதில் வருகிறது. இப்படி ஒரு டொமைனுக்கு இறுதி விடை சொல்லும் உரிமை பெற்றதைப் பெயர் சர்வர் என்கிறோம். மூன்றாவதாக அதைக் கேட்கும்போது, ta.wikipedia.org என்பது dyna.wikimedia.org என்ற இன்னொரு பெயரின் மாற்றுப்பெயர் என்ற தகவலும், அதற்குரிய முகவரியும் கிடைக்கின்றன. சென்னையிலிருந்து கேட்பவருக்குப் பெரும்பாலும் சிங்கப்பூரில் உள்ள விக்கிமீடியா சர்வரின் முகவரியான 103.102.166.224 வரும், ஐரோப்பாவிலிருந்து கேட்பவருக்கு வேறு முகவரி வரும். ரிசால்வர் அதை உங்கள் கணினிக்குத் தருகிறது. உலாவி அந்த எண்ணுக்கு இணைப்பை ஏற்படுத்திப் பக்கத்தைக் கேட்கிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் இந்த மூன்று படிகளையும் ஏறி இறங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விடையோடும், அதை எத்தனை விநாடிகள் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணும் வருகிறது, அதை டி.டி.எல். என்பார்கள். .org சர்வர்களின் பட்டியலை ரூட் சர்வர் தரும்போது அந்த எண் 172800, அதாவது இரண்டு நாள். ஆகவே ரிசால்வர்கள் ரூட் சர்வரை அடிக்கடி தேடிப் போவதில்லை. தளத்தின் முகவரிக்கான எண்ணை அந்தத் தளத்தை நடத்துபவரே முடிவு செய்கிறார். 300 என்று அவர் எழுதியிருந்தால், ஐந்து நிமிடத்துக்கு மேல் பழைய விடையை வைத்துக்கொள்ளாமல் மறுபடியும் பெயர் சர்வரைக் கேட்க வேண்டும்.

இந்த எண்ணை ரிசால்வர் மதிக்கிறதா இல்லையா என்பதுதான் என் தேர்வைத் தீர்மானித்தது.

ஒரு சங்கத்தின் தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை வந்தது. அதுவரை டி.டி.எல். ஒரு நாளாக, அதாவது 86400 ஆக இருந்தது. மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அதை 300 ஆகக் குறைத்து, ஒரு நாள் ஆயுள் கொண்ட பழைய பிரதிகளெல்லாம் காலாவதியாகும்படி பார்த்துக்கொண்டேன். பின்பு முகவரியை மாற்றி, அரை மணி நேரம் கழித்து, dig என்ற கட்டளையால் இரண்டு ரிசால்வர்களையும் நேரடியாகக் கேட்டேன். பெயரையும் முகவரிகளையும் இங்கே மாற்றியிருக்கிறேன். 8.8.8.8 தந்த விடை இது:

```
dig @8.8.8.8 www.example.org +noall +answer
www.example.org.   214    IN  A  203.0.113.25
```

வீட்டு இணைப்பு நிறுவனத்தின் ரிசால்வர் தந்தது இது:

```
www.example.org.   51730  IN  A  192.0.2.10
```

முகவரிக்கு முன்னால் உள்ள எண் மீதமிருக்கும் விநாடிகளைக் குறிக்கிறது. முதல் விடையில் 214. 300-லிருந்து இறங்கி வருகிறது, முகவரியும் புதியது. இரண்டாவதில் 51730, அதாவது பதினான்கு மணி நேரத்துக்கும் மேல். நான் அறிவித்த உச்சவரம்பே 300 என்னும்போது இப்படியொரு எண் வரவே கூடாது. பெயர் சர்வருக்குச் செல்லும் கேள்விகளைக் குறைப்பதற்காகச் சில ரிசால்வர்கள் குறைந்தபட்ச ஆயுள் ஒன்றைத் தாங்களாகவே விதித்துக்கொள்வதுண்டு. இங்கே நடந்தது அதுவே. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் அனைவரும் மறுநாள் வரை பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாகப் பழைய சர்வர் அணைக்கப்படாமல் இருந்தது.

பொது ரிசால்வரிலும் பழைய விடை தங்கிவிடலாம். ஆனால் அங்கே அதற்குப் பரிகாரம் இருக்கிறது. dns.google/cache என்ற பக்கத்தில் தளத்தின் பெயரைக் கொடுத்தால், 8.8.8.8 தன் நினைவிலிருந்து அந்த விடையை அழித்துவிடும்; 1.1.1.1-க்கும் இதே போன்ற பக்கம் உண்டு. இணைப்பு நிறுவனத்திடம் இதைச் செய்யச் சொல்ல வேண்டுமானால், வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, டி.டி.எல். என்றால் என்னவென்பதிலிருந்து விளக்கத் தொடங்க வேண்டும். தளம் நடத்துபவருக்கு இந்த ஒரு வேறுபாடே போதும். வெறும் பார்வையாளருக்கும் இது பொருந்தும்: "எல்லோருக்கும் திறக்கிறது, எனக்கு மட்டும் திறக்கவில்லை" என்ற புகாருக்கு ரிசால்வரில் தங்கிவிட்ட பழைய முகவரியும் ஒரு காரணம்.

இணைப்பு நிறுவனத்தின் ரிசால்வருக்கும் நியாயமான வலிமை உண்டு. அது உங்களுக்கு அருகில் இருக்கிறது. கேட்பவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பார்த்து அருகிலுள்ள சர்வரின் முகவரியைத் தரும் விக்கிமீடியா போன்ற தளங்கள், பெரும்பாலும் ரிசால்வர் இருக்கும் இடத்தை வைத்தே அதைக் கணிக்கின்றன. ரிசால்வர் தொலைவில் இருந்தால் சர்வரும் தொலைவில் அமைந்துவிடக்கூடும். இதைத் தவிர்க்க 8.8.8.8, உங்கள் முகவரியின் ஒரு பகுதியை, அதை ஏற்கும் பெயர் சர்வர்களுக்கு அனுப்புகிறது, 1.1.1.1 தனியுரிமை கருதி அனுப்புவதில்லை. வீட்டு இணைப்பில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. கைபேசி இணைப்பில் நான் நெடுநாள் சோதித்ததில்லை என்பதால், அங்கே எது மேல் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். நீங்கள் எந்தெந்தத் தளங்களைத் தேடினீர்கள் என்பது, எந்த ரிசால்வரைத் தேர்ந்தெடுத்தாலும் அதை நடத்துபவருக்குத் தெரியும்.

மாற விரும்பினால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8 என்றும், மாற்றாக 8.8.4.4 என்றும் எழுதினால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது பொருந்தும். ஆண்ட்ராய்டு கைபேசியில் Private DNS என்ற அமைப்பில் dns.google என்று எழுத வேண்டும். விடுதி, விமான நிலையம் போன்ற இடங்களின் வைஃபையில் முதலில் வரவேண்டிய உள்நுழைவுப் பக்கம் இதனால் திறக்காமல் போகலாம் என்பதால், அங்கே அந்த அமைப்பைத் தற்காலிகமாக அணைத்து, உள்நுழைந்த பின் மீண்டும் இயக்கிக்கொள்ளுங்கள்.